நூற்பட்டியலில் பதிப்பகமும் வெளியீட்டு இடமும்

நூற்பட்டியலில் ஒரு நூலைப் பதிவு செய்யும்போது ஆசிரியர், நூற்பெயர், ஆண்டு ஆகியவற்றோடு வெளியீட்டு இடமும் பதிப்பகமும் குறிக்கப்படுகின்றன. பெரும்பாலான நூல்களில் ஓர் ஊரும் ஒரு பதிப்பகப் பெயரும் மட்டுமே இருக்கும். சில நூல்களில் இரண்டு பதிப்பகங்கள் இருக்கும். சிலவற்றில் ஒரே பதிப்பகத்துக்குப் பல ஊர் முகவரிகள் இருக்கும். சில பதிப்பகங்கள் காலப்போக்கில் பெயர் மாறியிருக்கும். வேறு சில, பெரிய நிறுவனமொன்றின் கீழ் தனிப் பெயருடன் நூல் வெளியிடும். இவற்றுள் எதை எழுதுவது, எதை விடுவது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. சான்றுகள் பெரும்பாலும் கடலூர், சிதம்பரம், புதுச்சேரி வட்டாரத்திலிருந்தும் சென்னையிலிருந்தும் எடுக்கப்பட்டுள்ளன.

பதிப்பக விவரம் எதற்கு

ஒரே நூல் வெவ்வேறு பதிப்பகங்களால் வெளியிடப்படும்போது பக்க எண்கள் மாறுகின்றன. சில வேளை முன்னுரைகள் நீங்குகின்றன, பின்னிணைப்புகள் சேர்கின்றன. தி. வை. சதாசிவ பண்டாரத்தாரின் ‘பிற்காலச் சோழர் சரித்திரம்’ அண்ணாமலைப் பல்கலைக்கழக வெளியீடாக 1949, 1951, 1961 ஆகிய ஆண்டுகளில் மூன்று பகுதிகளாக வந்தது. பிற்காலத்தில் வேறு பதிப்பகங்களும் அதை வெளியிட்டுள்ளன. ஓர் ஆய்வேட்டில் ‘பக். 112’ என்று மட்டும் இருந்து, பதிப்பகம் தவறாக இருந்தால், படிப்பவர் வேறொரு பதிப்பைத் திறந்து 112ஆம் பக்கத்தில் தொடர்பில்லாத செய்தியைக் காண்பார். மேற்கோள் பொய்யோ என்ற ஐயம் அவருக்கு எழும். எனவே பதிப்பகமும் இடமும் ஆண்டும் சேர்ந்து, எழுதியவர் கையிலிருந்த பதிப்பை அடையாளம் காட்டவேண்டும். கீழே வரும் முடிவுகள் எல்லாம் இந்த ஒரு நோக்கத்திலிருந்து பிறப்பவை.

விவரத்தை எங்கே பார்ப்பது

மேலட்டையை நம்பக்கூடாது. அட்டை அழகுக்காக அமைவது. அதில் பதிப்பகச் சின்னம் மட்டும் இருக்கலாம். மறு அச்சின்போது உள்ளே திருத்தாமல் அட்டையை மட்டும் மாற்றியிருக்கவும் கூடும். முதலில் பார்க்கவேண்டியது தலைப்புப் பக்கம். நூற்பெயர், ஆசிரியர் பெயர் ஆகியவற்றின் கீழ், பக்கத்தின் அடியில் பதிப்பகமும் ஊரும் இருக்கும். அடுத்து அதன் பின்பக்கம். தமிழ் நூல்கள் பலவற்றில் அங்கே ‘நூல் விவரக் குறிப்பு’ என்ற பட்டியல் இருக்கும். நூற்பெயர், ஆசிரியர், பதிப்பு, உரிமை, தாளின் தன்மை, நூலின் அளவு, எழுத்துப் புள்ளி, பக்கங்கள், விலை, அச்சிட்டோர், வெளியிட்டோர் என அது நீளும்.

தலைப்புப் பக்கமும் பின்பக்கமும் முரண்பட்டால் பதிப்பகப் பெயருக்குத் தலைப்புப் பக்கத்தையே முதன்மையாகக் கொள்வது நூலகப் பட்டியல் மரபு. ஆண்டுக்கும் பதிப்பு எண்ணுக்கும் பின்பக்கமே பெரும்பாலும் உதவும்.

இரண்டு பெயர்கள், ஆனால் ஒரே பதிப்பகம்

ஒரு நூலில் இரண்டு நிறுவனப் பெயர்கள் இருப்பதால் மட்டும் அதற்கு இரண்டு பதிப்பகங்கள் என்று ஆகிவிடாது. ஒவ்வொரு பெயருக்கும் முன்னால் நிற்கும் சொல்லைப் படிக்கவேண்டும். ‘வெளியீடு’, ‘வெளியிட்டோர்’, ‘பதிப்பகம்’ என்பவை பதிப்பகத்தைக் குறிப்பவை. ‘அச்சிட்டோர்’, ‘அச்சாக்கம்’ என்பவை அச்சகத்தைக் குறிப்பவை. ‘ஒளியச்சு’ என்பது எழுத்துக் கோத்தவரைக் குறிக்கும். ‘விற்பனை உரிமை’, ‘கிடைக்குமிடம்’ என்பவை விற்பனையாளரைக் குறிக்கும். பட்டியலில் பதிப்பகத்தின் இடத்தைப் பெறவேண்டியது முதல் வகை மட்டுமே.

மு. வரதராசனின் நூல்கள் இதற்கு நல்ல சான்று. அவருடைய நூல்கள் பல ‘தாயக வெளியீடு’ என்ற பெயரில் அவராலேயே வெளியிடப்பட்டன. அதே பக்கத்தில் ‘விற்பனை உரிமை: பாரி நிலையம், சென்னை’ என்றும் இருக்கும். கடைகளில் கிடைத்ததும் வாசகர் நினைவில் நின்றதும் பாரி நிலையத்தின் பெயர். அதனால் பல நூற்பட்டியல்களில் பாரி நிலையமே பதிப்பகமாக எழுதப்பட்டுவிடுகிறது. சரியான பதிவு ‘சென்னை: தாயக வெளியீடு’ என்பதே. பாரி நிலையத்தையும் குறிக்க விரும்பினால் ‘விற்பனை உரிமை: பாரி நிலையம்’ என்று பதிவின் இறுதியில் குறிப்பாகச் சேர்க்கலாம். அதே பாரி நிலையம் தானே நூல்களை வெளியிட்டும் இருக்கிறது. அந்நூல்களுக்கு அதுவே பதிப்பகம். எனவே பெயரைப் பார்த்து முடிவு செய்ய இயலாது. அந்நூலில் அப்பெயர் எந்தப் பொறுப்பில் நிற்கிறது என்பதே முடிவு செய்யும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டு நூல்களில் இந்தப் பிரிவு தெளிவாக இராது. அக்காலத்தில் தனிப் பதிப்பகம் என்ற அமைப்பு அரிது. நூலைப் பரிசோதித்தவர், பொருளுதவி செய்தவர், அச்சுக்கூடம் ஆகிய பெயர்களே இருக்கும். ‘பதிப்பித்தது’ என்ற சொல்லும் அன்று பாடத்தை ஒழுங்கு செய்ததையும் அச்சிட்டதையும் சேர்த்தே குறித்தது. ஆறுமுக நாவலரின் நூல்களுடைய பிற்பதிப்புகள் பலவற்றில் சிதம்பரம் சைவப்பிரகாச வித்தியாசாலையின் தருமபரிபாலகர் பெயரும், சென்னபட்டணம் வித்தியாநுபாலன யந்திரசாலையின் பெயரும் ஒருங்கே காணப்படும். சிதம்பரத்தில் 1864ஆம் ஆண்டு நாவலர் நிறுவிய பள்ளியே அந்த வித்தியாசாலை. இங்கே சிதம்பரம் என்பது வெளியிட்டவரின் பதவிப் பெயரில் ஒரு பகுதி. அச்சான ஊர் சென்னபட்டணம். இத்தகைய நூலுக்குப் பதிப்பகம் தனியே சொல்லப்படாதபோது அச்சுக்கூடத்தையே அந்த இடத்தில் எழுதி, ‘சென்னபட்டணம்: வித்தியாநுபாலன யந்திரசாலை’ எனப் பதிவது வழக்கம். தருமபரிபாலகர் பெயரைப் பதிப்பித்தவர் என்று தனியே குறிக்கவேண்டும். ‘சிதம்பரம்: வித்தியாநுபாலன யந்திரசாலை’ என்று இரண்டையும் கலந்து எழுதுவது, இல்லாத ஓர் அச்சுக்கூடத்தைச் சிதம்பரத்தில் உண்டாக்கிவிடும்.

உண்மையில் இரண்டு பதிப்பகங்கள் இருக்கும்போது

இரு நிறுவனங்கள் சேர்ந்து ஒரு நூலை வெளியிடுவதும் உண்டு. ஏவா வில்டன் பதிப்பித்த நற்றிணை ஆய்வுப் பதிப்பு 2008ஆம் ஆண்டு மூன்று தொகுதிகளாக வந்தது. அதை வெளியிட்டவை இரண்டு: ஒன்று, புதுச்சேரியில் ஆய்வு மையம் வைத்திருக்கும் எக்கோல் பிரான்சேஸ் தெக்ஸ்த்ரேம் ஓரியான் என்ற பிரெஞ்சு நிறுவனம், மற்றொன்று, சென்னைத் தமிழ்மண் பதிப்பகம். இரண்டும் வெளியிட்டவை என்ற பொறுப்பிலேயே நிற்கின்றன.

இத்தகைய நூலுக்கு இருவழிகள் உண்டு. இடம் இருந்தால் இருவரையும் நூலில் உள்ள வரிசையிலேயே எழுதுவது முதல் வழி. அப்போது ஒவ்வொரு பதிப்பகமும் தன் ஊரோடு இணைந்து நிற்கவேண்டும்:

புதுச்சேரி: எக்கோல் பிரான்சேஸ் தெக்ஸ்த்ரேம் ஓரியான், சென்னை: தமிழ்மண் பதிப்பகம், 2008.

ஒன்றை மட்டுமே எழுத வேண்டியிருந்தால் நூலில் முதலில் உள்ளதை எழுதுவது இரண்டாம் வழி. பிரபலமானது எது, பணம் கொடுத்தது எது, தமிழ்நாட்டில் இருப்பது எது என்றெல்லாம் ஊகித்துத் தேர்வது சரியன்று. அப்படித் தேர்ந்தால் இருவர் எழுதும் பதிவுகள் இருவிதமாகி, இரு வேறு பதிப்புகள் இருப்பதாகத் தோன்றும். நூலின் வரிசை யார் பார்த்தாலும் ஒன்றே.

இங்கே எளிதில் நேரும் பிழை, ஒரு பதிப்பகத்தின் பெயரையும் மற்றதன் ஊரையும் இணைப்பது. ‘புதுச்சேரி: தமிழ்மண் பதிப்பகம்’ என்று எழுதினால் அப்படியொரு வெளியீடு எங்கும் இல்லை. இரண்டு பதிப்பகம் எழுதினால் இரண்டு ஊரையும் எழுதவேண்டும். ஒன்றை விட்டால் அதனோடு அதன் ஊரையும் விடவேண்டும்.

ஒரு நாட்டில் ஒரு பதிப்பகமும் மற்றொரு நாட்டில் வேறொரு பதிப்பகமும் ஒரே நூலைத் தனித்தனியாக வெளியிடுவது வேறு வகை. அப்போது அவை இரண்டும் தத்தம் தலைப்புப் பக்கத்துடன் தனித்தனியாக அச்சாகும். பன்னாட்டுத் தர நூல் எண்ணும் பெரும்பாலும் வேறுபடும். கையிலுள்ள படியில் ஒரு பதிப்பகமே இருந்தால் அதை மட்டும் எழுதினால் போதும். இணையத்தில் தேடிக் கண்ட மற்றப் பதிப்பகத்தைச் சேர்க்கவேண்டியதில்லை.

பெயர் மாறிய பதிப்பகம்

சிதம்பரத்திலிருந்து தமிழாய்வு நூல்களை ஏராளமாக வெளியிட்டது மணிவாசகர் பதிப்பகம். அதை நிறுவியவர் அண்ணாமலைப் பல்கலைக்கழகப் பேராசிரியராக இருந்த ச. மெய்யப்பன். 1970, 1980களில் வெளிவந்த அதன் நூல்களில் ‘மணிவாசகர் நூலகம்’ என்ற பெயர் உள்ளது. சிதம்பரம் மேல சன்னதி முகவரியும், சென்னை லிங்கித் தெருக் கிளை முகவரியும் அவற்றில் காணப்படும். பின்னாளைய நூல்களில் ‘மணிவாசகர் பதிப்பகம்’ என்ற பெயரும் சென்னைச் சிங்கர் தெரு முகவரியும் இடம்பெற்றன. மெய்யப்பன் பெயராலேயே ‘மெய்யப்பன் தமிழாய்வகம்’, ‘மெய்யப்பன் பதிப்பகம்’ என்ற பெயர்களிலும் சிதம்பரம் புதுத் தெருவிலிருந்து நூல்கள் வந்துள்ளன.

இந்நான்கு பெயர்களும் ஒரே வட்டத்தைச் சேர்ந்தவை என்பதை அறிந்தவர் எல்லாவற்றையும் ‘மணிவாசகர் பதிப்பகம்’ என்று ஒரே சீராக எழுத விரும்பக்கூடும். அது கூடாது. நூலில் எந்தப் பெயர் அச்சாகியிருக்கிறதோ அதையே எழுதவேண்டும். காரணம் எளியது. 1983இல் வந்த ஒரு நூலைத் தேடுபவர் நூலக அடுக்கில் காணப்போவது ‘மணிவாசகர் நூலகம்’ என்ற பெயரைத்தான். பதிவில் வேறு பெயர் இருந்தால், தம் கையில் உள்ளது வேறு பதிப்போ என்று அவர் குழம்புவார்.

இதன் இன்னொரு பக்கம் ஆண்டு. ஒரு நூலின் பின்பக்கத்தில் ‘முதற்பதிப்பு 1980, மூன்றாம் பதிப்பு 1992’ என்று இருப்பதாகக் கொள்வோம். தலைப்புப் பக்கத்தில் மணிவாசகர் பதிப்பகம் என்று உள்ளது. பழைய ஆண்டு சிறப்பானது என்று எண்ணி ‘மணிவாசகர் பதிப்பகம், 1980’ என்று எழுதினால், பெயர் ஒரு பதிப்பிலிருந்தும் ஆண்டு மற்றொரு பதிப்பிலிருந்தும் வந்து சேர்கின்றன. அத்தகைய நூல் எந்த நூலகத்திலும் கிடைக்காது. சரியான பதிவு ‘மூன்றாம் பதிப்பு, மணிவாசகர் பதிப்பகம், 1992’. முதற்பதிப்பின் ஆண்டு வாதத்துக்குத் தேவையானால் ‘முதற்பதிப்பு 1980’ என்று அடைப்புக்குறிக்குள் சேர்க்கலாம். ஆனால் பக்க எண் மூன்றாம் பதிப்பினுடையதாகவே இருக்கும்.

‘நூலகம்’ என்ற சொல்லும் மாணவர்களை ஏமாற்றக்கூடியது. தமிழில் அது புத்தகசாலையையும் புத்தக நிறுவனத்தையும் குறித்து வந்துள்ளது. மணிவாசகர் நூலகம் என்பதை நூல் இருக்கும் இடம் என்று எண்ணிப் பதிப்பகத்தை விட்டுவிடக்கூடாது. ‘நிலையம்’, ‘பண்ணை’, ‘கழகம்’ என முடியும் பதிப்பகப் பெயர்களும் அவ்வாறே.

பெயர் மாற்றம் நிறுவனங்களுக்கும் உண்டு. தி. வே. கோபாலையரும் பிரான்சுவா குரோவும் பதிப்பித்த தேவாரத்தின் முதல் இரு தொகுதிகள் 1984, 1985இல் புதுச்சேரியில் வந்தன. அப்போது அவற்றில் இருந்த பெயர் பிரெஞ்சு இந்தியவியல் நிறுவனம். இன்று அந்நிறுவனம் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் என்றே அழைக்கப்படுகிறது. 1984ஆம் ஆண்டுத் தொகுதிக்கு இன்றைய பெயரை எழுதுவது மேற்சொன்ன பிழையே. படிப்பவருக்கு உதவ விரும்பினால் பழைய பெயரை எழுதிப் பகர அடைப்புக்குறிக்குள் இன்றைய பெயரைத் தரலாம். பகர அடைப்பு, உள்ளிருப்பது நூலில் இல்லாதது, பட்டியலிட்டவர் சேர்த்தது என்பதைக் காட்டும் குறி.

பல ஊர்கள் இருக்கும்போது

ஒரே பதிப்பகம் தன் தலைப்புப் பக்கத்தில் சிதம்பரம், சென்னை, மதுரை, கோவை என்று பல கிளைகளை அடுக்கியிருக்கலாம். எல்லாவற்றையும் எழுதவேண்டியதில்லை. முதலில் உள்ள ஊரை எழுதினால் போதும். ஒரு நூலில் சிதம்பரம் முதலிலும் வேறொரு நூலில் சென்னை முதலிலும் இருந்தால் இரு பதிவுகளும் அவ்வாறே வேறுபடலாம். பட்டியல் முழுவதும் சீராக இருக்கவேண்டும் என்பதற்காக ஊரை மாற்றவேண்டாம். சீராக இருக்கவேண்டியது விதி மட்டுமே. சில நூல்களில் ‘தலைமையகம்’, ‘கிளை’ என்று தெளிவாகக் குறிக்கப்பட்டு, கிளை முதலில் நிற்பதுண்டு. அவ்வாறு அரிதாக அமைந்தால் தலைமையகத்தைக் கொள்வது தகும்.

பெயரிலேயே ஊர் இருக்கும் பதிப்பகங்கள் தனிச் சிக்கல் தருபவை. 1920இல் தொடங்கிய ‘திருநெல்வேலித் தென்னிந்திய சைவசித்தாந்த நூற்பதிப்புக் கழகம்’ நெடுங்காலமாகச் சென்னையிலிருந்து நூல் வெளியிட்டது. அதன் பெயரில் உள்ள திருநெல்வேலி நிறுவனப் பெயரின் பகுதி. வெளியீட்டு இடத்தைப் பெயரிலிருந்து எடுக்காமல் முகவரியிலிருந்து எடுக்கவேண்டும். முகவரி சென்னை மட்டுமானால் ‘சென்னை’ என்றும், திருநெல்வேலி முதலிலும் சென்னை அடுத்தும் இருந்தால் ‘திருநெல்வேலி’ என்றும் எழுதவேண்டும்.

அண்ணாமலைப் பல்கலைக்கழக வெளியீடுகளில் இடம் ‘அண்ணாமலைநகர்’ என்று இருக்கும். அது சிதம்பரத்தை ஒட்டியிருந்தாலும் தனிப் பேரூராட்சி. பி. சா. சுப்பிரமணிய சாஸ்திரியாரின் தொல்காப்பியச் சொல்லதிகார ஆங்கில உரை 1945இல் அங்கிருந்து வந்தது. அதற்கு ‘அண்ணாமலைநகர்: அண்ணாமலைப் பல்கலைக்கழகம், 1945’ என்றே எழுதவேண்டும். ‘சிதம்பரம்’ என்று மாற்றினால் கடலூர்ப் பகுதியை அறிந்தவர் புரிந்துகொள்வார். நூலகத் தேடலில் அது வேறு நூலாக நிற்கும்.

ஊர்ப்பெயரின் எழுத்தும் மாறும். கடலூருக்கு அருகில் தேவநாதப் பெருமாள் கோயில் கொண்ட ஊர் பேச்சில் திருவந்திபுரம். நூல்களில் திருவஹீந்திரபுரம், திருவயிந்திரபுரம் என்றும் வரும். நூலில் உள்ள வடிவத்தை அப்படியே எழுதி, தேவையானால் பகர அடைப்புக்குள் வழக்கு வடிவத்தைச் சேர்க்கலாம். மாவட்டப் பெயரிலும் கவனம் வேண்டும். கடலூர் மாவட்டம் 1993இல் உருவானது. அதற்கு முந்திய நூல்களில் ‘தென்னார்க்காடு மாவட்டம்’ என்று இருக்கும். ஆங்கில நூல்களில் 1996க்கு முன் ‘மெட்ராஸ்’ என்று இருப்பதும் இத்தகையதே. பழைய பெயரைப் புதிதாக்கவேண்டாம்.

பெரிய நிறுவனத்தின் கீழ் உள்ள வெளியீட்டுப் பெயர்

சில நிறுவனங்கள் நூல்களின் வகைக்கேற்பப் பல வெளியீட்டுப் பெயர்களை வைத்திருக்கும். கிழக்கு பதிப்பகம் நியூ ஹொரைசன் மீடியா நிறுவனத்தின் வெளியீட்டுப் பெயர். ஆன்மிக நூல்களுக்கு வரம், உடல்நலத்துக்கு நலம், சிறுவர்களுக்கு ப்ராடிஜி என்று அதே நிறுவனம் வேறு பெயர்களிலும் வெளியிட்டுள்ளது. தலைப்புப் பக்கத்தில் கிழக்கு என்றும், பின்பக்கத்தில் நியூ ஹொரைசன் மீடியா என்றும் இருந்தால் பட்டியலில் ‘சென்னை: கிழக்கு பதிப்பகம்’ என்று எழுதவேண்டும். வாசகர் அறிந்ததும் நூலின் முகப்பில் நிற்பதும் அப்பெயரே. தாய் நிறுவனம் இரண்டாம் பதிப்பகம் ஆகாது. இரண்டையும் அரைப்புள்ளியால் பிரித்து எழுதினால் கூட்டு வெளியீடு என்று தவறாகப் பொருள்படும்.

நிறுவனங்கள் இணைந்த பின்னரும் இதே முறைதான். பெங்குவினும் ரேண்டம் ஹவுசும் 2013இல் இணைந்தன. 2005இல் வந்த பெங்குவின் நூலுக்குப் ‘பெங்குவின் ரேண்டம் ஹவுஸ்’ என்று எழுதுவது கால முரண்.

வரிசைத் தலைப்பைப் பதிப்பகத்தோடு குழப்பவும் கூடாது. ‘கழக வெளியீடு 250’ என்பது போன்ற எண், பதிப்பகத்தின் வெளியீட்டு வரிசை எண். அது பதிவின் இறுதியில் வரிசைக்குரிய இடத்தில் வரவேண்டும்.

மேற்கோள் முறைகள் சொல்வது

எந்த மேற்கோள் முறையைப் பின்பற்றுகிறோம் என்பதைப் பொறுத்துச் சில வேறுபாடுகள் உண்டு. ஏ.பி.ஏ. முறையின் ஏழாம் பதிப்பு வெளியீட்டு இடத்தையே கேட்பதில்லை. பல பதிப்பகங்கள் இருந்தால் நூலில் உள்ள வரிசையில், அரைப்புள்ளியால் பிரித்து எழுதச் சொல்கிறது. வெளியீட்டுப் பெயர் இருந்தால் தாய் நிறுவனத்தை விட்டு அதையே எழுதச் சொல்கிறது. எம்.எல்.ஏ. முறை இரண்டு பதிப்பகங்களைச் சாய்கோட்டால் பிரிக்கிறது. பழைய நூல்களுக்கே பெரும்பாலும் இடத்தை வைத்துக்கொள்கிறது. சிகாகோ முறை நெடுங்காலம் இடத்தைக் கட்டாயமாகக் கொண்டிருந்தது. 2024இல் வந்த பதினெட்டாம் பதிப்பில் 1900க்குப் பிந்திய நூல்களுக்கு இடம் தேவையில்லை என்று தளர்த்தியது. தமிழ்நாட்டு ஆய்வேடுகளிலும் தமிழ் நூற்பட்டியல்களிலும் இடம் இன்னும் எழுதப்படுகிறது. பெயர் மாறியபோது நூலில் உள்ளதையே எழுதுவது, ஒரே பதிப்பகத்தின் பல ஊர்களில் முதலாவதை எடுப்பது ஆகிய இரண்டிலும் இம்முறைகள் முரண்படவில்லை.

நூலகப் பட்டியலில் மார்க் வடிவம் பயன்படும்போது கூட்டு வெளியீடு இவ்வாறு அமையும்:

```
264 #1 $a புதுச்சேரி : $b எக்கோல் பிரான்சேஸ் தெக்ஸ்த்ரேம் ஓரியான் ;
       $a சென்னை : $b தமிழ்மண் பதிப்பகம், $c 2008.
```

இங்கே ஒவ்வொரு `$a` (ஊர்) அடுத்துவரும் `$b` (பதிப்பகம்) என்பதோடு இணைகிறது. அச்சகம் சேர்க்கப்பட்டால் அது இந்த வரியில் வராது; இரண்டாம் குறி `3` கொண்ட தனி 264 வரியில் வரும். விற்பனையாளருக்குரிய குறி `2`. தமிழ் நூல்களில் ‘வெளியிட்டோர்’, ‘விற்பனை உரிமை’, ‘அச்சிட்டோர்’ என்று பிரித்துப் படிக்கச் சொல்வது இந்த மூன்று வரிகளுக்கும் நேராகப் பொருந்துகிறது.

ஒரு பதிவைப் படிப்படியாக அமைத்தல்

திருவந்திபுரம் கோயில் பற்றிய ஒரு சிறு நூல் கையில் இருப்பதாகக் கொள்வோம். தலைப்புப் பக்க அடியில் ‘திருவஹீந்திரபுரம், தென்னார்க்காடு மாவட்டம்’ என்ற முகவரியுடன் ஒரு சபையின் பெயர் உள்ளது. அதன் கீழே ‘கிடைக்குமிடம்’ என்று சிதம்பரத்துப் புத்தகக் கடையொன்று உள்ளது. பின்பக்கத்தில் ‘அச்சிட்டோர்’ என்று கடலூர் அச்சகம் ஒன்றும், ‘இரண்டாம் பதிப்பு 1988’ என்றும் உள்ளன. அட்டையில் அதே சபையின் இன்றைய, சற்று மாறிய பெயர் ஒட்டுத் தாளில் அச்சிட்டு ஒட்டப்பட்டுள்ளது.

முதலில் பொறுப்புகளைப் பிரிக்கவேண்டும். சபை வெளியிட்டது, கடை விற்பது, அச்சகம் அச்சிட்டது. ஆக, பதிப்பகம் ஒன்றே. ஊர்களில் சிதம்பரமும் கடலூரும் நீங்குகின்றன. அடுத்து இடம்: நூலில் உள்ளபடி ‘திருவஹீந்திரபுரம்’. வெளியூர் வாசகர் அறியும்படி ‘[திருவந்திபுரம், கடலூர்]’ என்று சேர்க்கலாம். மாவட்டத்தை எழுதினால் ‘தென்னார்க்காடு’ என்றே எழுதவேண்டும். 1988இல் கடலூர் மாவட்டம் இல்லை. மூன்றாவதாகப் பெயர்: தலைப்புப் பக்கத்தில் உள்ள சபைப் பெயர். ஒட்டுத்தாள் நூல் அச்சான பின்னர் வந்தது. அது இந்தப் பதிப்பின் பகுதியன்று. தேவையானால் குறிப்பாகச் சொல்லலாம். இறுதியில் ஆண்டு: இரண்டாம் பதிப்பு, 1988.

பிழையைக் கண்டறியும் வழி

எழுதி முடித்த நூற்பட்டியலில் இத்தகைய பிழைகளை நூலைத் திறக்காமலே சிலவற்றில் பிடிக்கலாம். பதிப்பகப் பெயர் அக்காலத்தில் இருந்ததா என்று ஆண்டோடு ஒப்பிடவேண்டும். ஊருக்கும் பதிப்பகத்துக்கும் பொருத்தம் உண்டா என்று பார்க்கவேண்டும். ஒரே நூல் இரு பதிவுகளாக, ஒன்றில் விற்பனையாளர் பெயரும் மற்றொன்றில் வெளியிட்டோர் பெயருமாக வந்திருக்கிறதா என்று தேடவேண்டும். நூல் எண் உள்ள நூல்களில் அதன் இடைப் பகுதி பதிப்பகத்துக்கு உரியது. ஒரே பதிப்பகம் என்று எழுதிய இரு நூல்களில் அப்பகுதி வேறுபட்டால் மறுபடி நூலைப் பார்ப்பது நல்லது. அது மட்டும் முடிவான சான்று ஆகாது. பெரிய பதிப்பகங்கள் ஒன்றுக்கு மேற்பட்ட எண் தொகுதிகளைப் பெறுவதுண்டு.

வேறொரு நூலின் பட்டியலிலிருந்து எடுத்த பதிவுகளில்தான் இப்பிழைகள் மிகுதி. அங்கே பாரி நிலையம் என்றிருந்தால் அது விற்பனையாளராக நின்றதா, பதிப்பகமாக நின்றதா என்பதை அப்பட்டியல் சொல்லாது. அந்நூலின் தலைப்புப் பக்கத்தை நேரிலோ, மின்னூலகங்களில் உள்ள ஒளிப்படத்திலோ பார்த்த பின்னரே அப்பதிவைத் தம் பட்டியலில் சேர்க்கவேண்டும்.